அறுபது அடி

சினிமா சண்டைக் கலைஞர் தணிகாசலம் சங்க அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தி வடபழனியில் பரவிய மறுவாரமே, ஸ்டண்ட் மாஸ்டர் அவருக்கு உயரத்திலிருந்து விழும் ஒரு ஃபால் ஒதுக்கிவிட்டார். பெரம்பூர் பின்னி மில் வளாகத்தில் கலை இயக்குநர் எழுப்பியிருந்த மாளிகை முகப்பின் உச்சிச் சன்னலை உடைத்துக்கொண்டு வில்லன் வெளியே விழ வேண்டும், உயரம் அறுபது அடி, கயிறு கிடையாது. கயிற்றில் தொங்கவிட்டு, பிறகு கணினியில் கயிற்றை அழித்துவிடும் வழக்கம் வந்த பின்பு இவ்வளவு உயரத்திலிருந்து வெறுமனே விழுகிறவர்கள் அருகிவிட்டார்கள். ஆகவே இது வேலையாக அல்ல, மரியாதையாகவே கொடுக்கப்பட்டது. விழுந்து எழுந்ததும் கதாநாயகன் மாலை போடுவார் என்றும், அதைத் தனியாகப் படம்பிடிக்க ஒருவர் வருவார் என்றும் மாஸ்டர் சொன்னார். இருபது வயதில் தணிகாசலத்துக்கு மெத்தை தூக்கிப் போட்டுத் தொழில் கற்றவர் அவர். நன்றிக்கடனைத் தீர்க்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

தணிகாசலம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவருடைய இடது கையின் கடைசி இரு விரல்கள் சில மாதங்களாக மரத்துப்போயிருந்தன. கழுத்து எலும்புகளுக்கு இடையே நரம்பு நசுங்குகிறது என்று மருத்துவர் சொன்னது மனைவி வசந்தாவுக்கு மட்டுமே தெரியும். உயரத்திலிருந்து விழுகிறவன் காற்றிலேயே உடலைத் திருப்பி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும். முகவாய் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஒரு கணத்தில் கழுத்து சொன்னதைக் கேட்காவிட்டால், கீழே எத்தனை அடுக்கு அட்டைப் பெட்டி இருந்தும் பயனில்லை.

வசந்தா அவரைத் தடுக்கும் பழக்கம் உடையவள் அல்லள். 2016-இல் பெங்களூருக்கு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில், படப்பிடிப்புக்காக ஹெலிகாப்டரிலிருந்து குதித்த இருவர் மூழ்கி இறந்தபோது மட்டும், இனித் தண்ணீர்க் காட்சி வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்தாள். இம்முறை அவள் கேட்டதெல்லாம், அந்த மாலை எத்தனை நாள் வாடாமல் இருக்கும் என்பதுதான். அவருக்குக் கோபம் வந்தது; பதில் வரவில்லை.

மகள் நித்யா பொறியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவள் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள்: அறுபது அடியிலிருந்து தரையைத் தொட இரண்டு வினாடிக்குச் சற்றுக் குறைவாகும், தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீட்டர். முப்பது அடி என்றால் எவ்வளவு என்று அவர் கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே அப்போது விளங்கவில்லை. ஏறத்தாழ 48 என்றாள் அவள். "உயரம் பாதியானால் வேகம் பாதியாகாது அப்பா. ஆனால் அட்டைப் பெட்டிகள் வாங்கிக்கொள்ள வேண்டிய ஆற்றல் சரிபாதியாகிவிடும்." முப்பது ஆண்டுகளாக முதுகால் அறிந்திருந்த ஒன்று தாளில் எழுதப்பட்டிருப்பதை அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

படப்பிடிப்பு நாளன்று அவர் எல்லோருக்கும் முன்பே மில்லுக்கு வந்துவிட்டார். விழுகிறவன் தன் படுக்கையைத் தானே பார்க்க வேண்டும் என்பது அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காத விதி. பெட்டிகள் காலியாக இருக்க வேண்டும். நசுங்கும்போது காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். நாடாவைப் பெட்டி முழுக்கச் சுற்றி ஒட்டிவிட்டால் பெட்டி பலகையாகிவிடும். மார்கழிப் பனியில் வெளியே கிடந்தவை ஈரம் கோத்திருக்கும், அவை அடி வாங்காமலே அமுங்கிவிடும். தட்டிப் பார்த்து, மந்தமாக ஒலித்தவற்றை எல்லாம் அவர் ஒதுக்கச் சொன்னார். சேது என்ற இளைஞன் முகம் கோணாமல் ஒதுக்கினான். தணிகாசலம் மறுத்தால் அறுபது அடியிலிருந்து விழக் காத்திருந்தவனும் அவன்தான். அதை அவன் சொல்லவில்லை, ஆனால் முழங்கையிலும் முதுகிலும் பஞ்சுத் திண்டு கட்டிக்கொண்டே வந்திருந்தான்.

சாரத்தின் வழியே தணிகாசலம் உச்சிக்கு ஏறினார். மேலிருந்து பார்க்கையில் அத்தனை பெரிய படுக்கை ஒரு பாய் அளவே இருந்தது. அது எப்போதும் அப்படித்தான். அவர் கண்களை மூடி முகவாயை மார்பில் அழுத்தினார். ஒட்டியது. மறுபடி அழுத்தினார், ஒட்டியது. மூன்றாம் முறை இடது தோளிலிருந்து விரல்வரை மின்சாரம் ஓடியதுபோல் இழுத்தது. மூன்றில் இரண்டு என்று அவர் எண்ணிக்கொண்டார்.

இறங்கி வந்தவர் மாஸ்டரிடம் போகாமல் ஒளிப்பதிவாளரிடம் போய், இந்த ஷாட் படத்தில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார். எத்தனையோ முறை விழுந்தவர், இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை. ஒன்றரை வினாடி, முகம் தெரியாது, கேமரா தரையோடு தரையாக இருக்கும் என்றார் அவர். அப்படியானால் முப்பது அடி வரிசைச் சன்னலிலிருந்து விழுந்தால் திரையில் வித்தியாசம் தெரியுமா? ஒளிப்பதிவாளர் முகப்பை நிமிர்ந்து பார்த்துவிட்டு, லென்ஸை மாற்றினால் தெரியாது என்றார்.

திரையில் தெரியாது, ஆனால் அங்கே நின்றிருந்த ஃபைட்டர் ஒவ்வொருவனுக்கும் தெரியும். அதுதான் இடறியது. பொதுமக்கள் பெயரறியாத தொழில் இது. தேசிய விருதுகளில் சண்டை அமைப்புக்கு ஒரு பிரிவு 2017-இல்தான் வந்தது, அதுவும் அமைத்தவருக்கு, விழுந்தவனுக்கு அல்ல. ஒருவன் எத்தனை அடியிலிருந்து விழுந்தான் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் சங்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர்தான். கடைசி ஃபாலை மறுத்தவன் என்ற பெயரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லிவிடலாம். பாதி உயரத்தில் இறங்கி விழுந்தவன் என்பதற்குச் சொல்லத்தக்க காரணமே இல்லை. தேநீர் ஆறும்வரை அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாஸ்டரை அழைத்து, முப்பது என்றார்.

"அண்ணே, தயாரிப்பு நிர்வாகியிடம் அறுபது அடி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பேட்டா அதற்குத்தான்."

"அடித்துவிட்டு முப்பது என்று எழுது தம்பி. பணமும் முப்பதுக்கு உரியதே போதும். பெட்டி அடுக்கை மட்டும் குறைக்காதே."

"சேது அறுபது போகிறேன் என்கிறான்."

"ஒன்றரை வினாடி ஷாட்டுக்கு அவன் எதற்குப் போக வேண்டும்? கேமராமேன் முப்பதே போதும் என்கிறார். கேட்டுப் பார்."

மாஸ்டர் கேட்கவில்லை. அவருக்கு முகம் வாடியது உண்மை. ஃபைட்டர்களில் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதும் உண்மை. தணிகாசலம் அதைக் கவனித்தார், கவனித்தபடியே வில்லனின் கோட்டை மாட்டிக்கொண்டார்.

உச்சி வெயிலுக்கு முன் ஷாட் எடுக்கப்பட்டது. சன்னல் உடைந்தது, அவர் காற்றில் திரும்பினார், முகவாய் ஒட்டியது, பெட்டிகள் பெருஞ்சத்தத்தோடு அமுங்கின. எழுந்து கையை உயர்த்தியபோது கைத்தட்டலும் விசிலும் எழுந்தன. கதாநாயகன் மாலையோடு இரண்டடி முன்னே வந்தார். அதற்குள் மானிட்டரின் பின்னாலிருந்து இயக்குநரின் குரல் கேட்டது. இரண்டாவது கேமராவில் சற்று ஃபோகஸ் போய்விட்டதாம். "ஒன் மோர்" என்றார்.

தணிகாசலம் பெட்டிகளிலிருந்து இறங்கி, நசுங்கியவற்றைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"தாராளமாகப் போகலாம் சார். இது அத்தனையும் போய்விட்டது, புதிதாக அடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆகும்."

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், ஒளிப்பதிவாளரைப் பார்த்தார். முதல் கேமராவில் இருப்பதே போதும் என்றார்.