எங்கள் சுப்பையா அண்ணனுக்கு அஞ்சலி

எங்கள் மசாலா, மளிகைக் கடையின் கிடங்கு மேலாளர் சுப்பையா அண்ணன் கடந்த வெள்ளிக்கிழமை அதிகாலை காலமானார். வயது 65. 1978ல், பதினெட்டு வயதுப் பையனாக மூட்டை தூக்க வந்தவர். சில மாத உடல்நலக் குறைவுக்குப் பிறகு, மனைவியும் பிள்ளைகளும் அருகில் இருக்க, மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

"கிடங்கு மேலாளர்" என்பது அவருக்கு நாங்கள் அச்சடித்துக் கொடுத்த அட்டையில் இருக்கும் பதவி. அந்த அட்டையை அவர் யாருக்கும் எடுத்துக் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. லெபு பசாரில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. மளிகைக்காரர்கள், நாசி கண்டார் கடை முதலாளிகள், கல்யாணச் சமையல்காரர்கள் என்று எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். சீனத் தவுக்கேகளிடம் ஹாக்கியனில் விலை பேசுவார். பேசி முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "சரி, ரெண்டு வெள்ளி குறைச்சிட்டேன், அவரும் பொழைக்கணும்ல" என்பார்.

எங்களிடம் இருக்கும் அவர் படத்தில் கை முழங்கை வரை மல்லி மூட்டைக்குள் இருக்கிறது. படத்துக்காக வைத்த கை இல்லை. போட்டோ எடுத்த பிள்ளை, "அண்ணா, கொஞ்சம் சிரிங்க" என்று கேட்டதற்கு, "வேலை முடியட்டும்" என்று பதில் வந்ததாம். மூட்டையின் மேலே நல்ல சரக்கும் அடியில் மட்டமும் போட்டுத் தைப்பது இந்தத் தொழிலில் புதிதில்லை. அதனால் அவர் மேல்வாயில் கிடப்பதைப் பார்த்து எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். முதலில் குத்தூசியால் நடுவிலும் அடியிலும் குத்தி எடுப்பார். அது போதாது என்று தையலைப் பிரித்துக் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் நசுக்கி முகர்வார். உள்ளே சூடு தட்டினால் மூட்டை வியர்த்திருக்கிறது என்று அர்த்தம். அதை உடனே தனியாக ஒதுக்கிவிடுவார். மிளகாயை உலுக்குவார். விதை குலுங்கும் சத்தம் கேட்க வேண்டும், காம்பு வளையாமல் ஒடிய வேண்டும். மிளகைத் தண்ணீரில் போடுவார். மிதப்பதை எடுத்துக் கடித்துப் பார்ப்பார், பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று. பினாங்கு ஈரத்தில் எல்லாச் சரக்கும் சீக்கிரம் கெடும் என்பதால், வரும்போது ஒரு தடவை, லாரியில் ஏறும்போது ஒரு தடவை என்று எந்த மூட்டையும் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போனது. வாங்கியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. தெரிய வேண்டியதும் இல்லை.

அவரை இனிமையானவர், எப்போதும் புன்னகைத்தவர் என்று எழுதினால் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார். அண்ணன் கோபக்காரர். ஈரக் கையோடு பருப்பு மூட்டையைத் தொட்டவன் அன்றைக்குத் தொலைந்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளி விடுமுறையில் கிடங்குக்கு வந்து அவரிடம் திட்டு வாங்கித்தான் வளர்ந்தார்கள். திட்டிய கையோடு ரொட்டி சானாய் வாங்கித் தருவதும் அவர்தான் என்பதால் யாரும் வீட்டில் போய்ச் சொன்னதில்லை.

எங்கள் அப்பா இந்தக் கடையைத் தொடங்கியவர். அவருக்கும் அண்ணனுக்கும் பெரிய சண்டை ஒரே ஒரு முறைதான் வந்தது. தொண்ணூறுகளில் ஒரு தீபாவளிக்கு முன்னால் சீரகம் வந்து இறங்கியது. விலை நல்ல விலை. அண்ணன் ஒரு பிடி எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்தார். கை கறுத்தது. ஏதோ புல் விதைக்குக் கரி ஏற்றிக் கலந்திருக்கிறார்கள். "ஏற்ற வேண்டாம்" என்றார். பண்டிகை நெருங்குகிறது, எல்லாக் கடையிலும் முன்பணம் வாங்கியாயிற்று, சலித்துப் பிரித்து ஓட்டிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. அண்ணன் லாரிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இது போனா நானும் போறேன் முதலாளி" என்று சொல்லிவிட்டு, வெளியே ஐந்தடிப் பாதையில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் இருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் மூட்டைகள் திருப்பி அனுப்பப்பட்டன. அனுப்பியவர் பாதிப் பணம்தான் கொடுத்தார். மீதி நஷ்டம்தான், அப்பா அதைப் பல வருஷம் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு சரக்கு வந்தால், "சுப்பையா பாத்துட்டானா?" என்று கேட்காமல் அவர் ஒரு பில்லிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணனுக்கு லாரியில் கிளீனர் வேலையும் உண்டு. பினாங்குப் பாலம் 1985ல்தான் திறந்தது. அதுவரை பெருநிலத்துக்கு என்ன போவதானாலும் ஃபெரிதான் வழி. பண்டிகை நேரத்தில் பட்டர்வொர்த் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூட்டைகள் மேலேயே படுத்துவிடுவாராம். சுங்கை பட்டாணி, கூலிம், நிபோங் திபால் தோட்டத்துக் கடைகளில் பலருக்கு அவரை அந்த வயதிலிருந்தே பழக்கம். அந்தத் தோட்டங்கள் பல இன்று இல்லை. லயங்களை இடித்து வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. கடைக்காரர்களின் பிள்ளைகள் டவுனில் கடை போட்டிருக்கிறார்கள், எங்களிடம்தான் வாங்குகிறார்கள். இதில் எங்கள் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு, அண்ணனின் பழக்கம் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும்.

வாடகைக் கட்டுப்பாடு நீங்கி 2000ல் ஜார்ஜ்டவுன் முழுக்க வாடகை ஏறியபோது, கடையை மட்டும் லெபு பசாரில் வைத்துக்கொண்டு கிடங்கை ஜாலான் பி. ரம்லி பக்கம் மாற்றினோம். அங்கே தண்ணீர் ஏறும் என்று அண்ணன் அப்போதே சொன்னார். 2017 நவம்பரில் பெருமழையும் புயல்காற்றும் அடித்த அந்த ராத்திரி, கூப்பிடாமலேயே மோட்டார் சைக்கிளில் வந்து, கிடங்கில் தங்கியிருந்த மூன்று பையன்களை எழுப்பி, கீழ் அடுக்கு மூட்டைகளை மேலே ஏற்ற ஆரம்பித்தார். விடிவதற்குள் தண்ணீர் இடுப்பளவு. அரிசியில் கொஞ்சம் போயிற்று. மசாலாச் சரக்கு ஒரு மூட்டை நனையவில்லை.

அந்த மூன்று பேரில் ஒருவர் வங்காளதேசத்துக்காரர். இன்று எங்கள் கிடங்கில் தமிழ் மாதங்களின் பெயரை வரிசையாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறோம். காரணம் அண்ணனின் சுண்ணாம்புக் கட்டி. சரக்கு வந்த தேதியை ஒவ்வொரு மூட்டையிலும் அவர் தமிழ் மாதத்தில்தான் எழுதுவார்: ஆவணி 9, ஐப்பசி 21. பழையது முதலில் போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கம்ப்யூட்டரில் ஸ்டாக் ஏற்றத் தொடங்கியபோது இதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தோம். அவர் நிறுத்தவில்லை. ஒரு நாள் கம்ப்யூட்டர் சொன்ன மூட்டைக்கும் அடுக்கில் இருந்த மூட்டைக்கும் ஒத்துப்போகாமல் குழம்பியபோது, எல்லோரும் ஐப்பசியைத் தேடித்தான் ஓடினார்கள். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

55 வயதில் கேவேஸ்பி பணம் கைக்கு வந்ததும் ஓய்வெடுக்கச் சொன்னோம். வீட்டுக் கடனை அடைத்துவிட்டு மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்துவிட்டார். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, வயதைக் காரணம் காட்டி அவரை வீட்டிலேயே இருக்க வைத்தோம். அந்த வாரங்களில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போன் வரும் என்பதைப் பையன்களிடம்தான் கேட்க வேண்டும். வீடியோவில் மூட்டையைக் காட்டச் சொல்வார். "மோந்து பாத்துச் சொல்லுடா" என்பார்.

தைப்பூசம் வந்தால் மூன்று நாள் அவர் எங்களுடையவர் இல்லை. வாட்டர்ஃபால் சாலையில் எங்கள் தண்ணீர்ப் பந்தல் முழுக்க அவர் பொறுப்பு. ரதத்துக்கு உடைக்கும் தேங்காயை வேறு யாரும் எடுத்தால் பிடிக்காது, ஒவ்வொன்றையும் காதருகில் ஆட்டிப் பார்த்துத்தான் அடுக்குவார். உடைக்கப்போகிற தேங்காய்க்கு எதற்கு இத்தனை பரிசோதனை என்று கிண்டல் செய்தவர்களை அவர் பார்த்த பார்வையை எங்களால் எழுத முடியவில்லை. கூட்டம் அடங்கிய பிறகு, கடைசி நாள் மாலை, தனியாக மலைக்கோயிலுக்கு 513 படியும் ஏறிவிட்டு வருவார். முழங்கால் வலி வந்த பிறகும் விடவில்லை. கடைசித் தைப்பூசத்தில் மட்டும் கீழேயே நின்று கும்பிட்டார்.

அப்பா 2011ல் காலமான பிறகு, முதலாளி என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. எங்களுக்குத் தம்பி, தங்கச்சிதான். நாங்களும் முக்கியமான முடிவு எதையும் அவரிடம் கேட்காமல் எடுத்ததில்லை. சிலவற்றுக்கு வேண்டாம் என்றார். அவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

நாங்கள் அக்கா என்று அழைக்கும் அவர் மனைவிக்கும், தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் மகளுக்கும், பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் மகனுக்கும், இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆழ்ந்த இரங்கல். அண்ணனின் சம்பளம் இந்த ஆண்டு முடியும்வரை வழக்கமான தேதியில் வீட்டுக்குப் போகும். பேரப்பிள்ளைகளின் படிப்புச் செலவு கடையின் பொறுப்பு. இதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டாம் என்று அக்கா சொன்னார். பின்னால் வரும் யாரும் மறந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதி வைக்கிறோம். அக்கா மன்னிக்க வேண்டும்.

இறுதி ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீட்டிலிருந்து புறப்பட்டு, பத்து லஞ்சாங் இந்து மயானத்தில் தகனம் நடந்தது. கெடாவிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களுக்கும், கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்த லெபு பசார், லெபு குவின் கடைக்காரர்களுக்கும், சமையலுக்கு நின்ற நண்பர்களுக்கும் நன்றி. 16ஆம் நாள் காரியம் வீட்டிலேயே நடக்கும். வாடிக்கையாளர்கள் அனைவரையும் குடும்பத்தினர் அழைக்கிறார்கள். மலர்வளையம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏதாவது செய்ய விரும்புகிறவர்கள் தங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்தால் மகளுக்குச் சந்தோஷம்.

கடையும் கிடங்கும் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மூடியிருக்கும். புதன்கிழமை காலை வழக்கம்போல் திறப்போம். கெடா பக்கம் போகும் லாரி வியாழக்கிழமை கிளம்பும். மல்லி, மிளகாய் ஆர்டர் கொடுத்திருப்பவர்கள் இன்னும் ஓரிரு நாள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். சென்ற வாரம் இறங்கிய மூட்டைகள் இன்னும் பிரித்துப் பார்க்கப்படவில்லை. பார்த்த பிறகே அனுப்புவோம்.

நிர்வாகத்தினரும் ஊழியர்களும்
லெபு பசார், ஜார்ஜ்டவுன், பினாங்கு