பாதப் புண்ணைப் படம் எடுக்கச் சம்மதம்: பதிவுக்குத் தனி, கற்பித்தலுக்குத் தனி

உங்கள் வலது பாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சர்க்கரைநோய்ப் புண்ணையும், இடது முழங்காலுக்குக் கீழே தோலில் உள்ள பழுப்புத் திட்டுகளையும் படம் எடுக்க அனுமதி கேட்கிறோம். கேட்பது இரண்டு காரியத்துக்கு. ஒன்றுக்குச் சரி சொல்லிவிட்டு மற்றதற்கு வேண்டாம் என்று சொல்லலாம். அதனால்தான் கையெழுத்தும் இரண்டு. செவிலியர் இதைப் படித்துக் காட்டுவார். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

1. சிகிச்சைப் பதிவுக்கு

வாரம் ஒருமுறை, புண்ணைக் கழுவிய பிறகு, புதுக் கட்டுப் போடுவதற்கு முன் படம் எடுப்போம். புண்ணின் ஓரத்தில் காகித அளவுகோல் ஒன்றை வைப்போம். அதில் தேதியும் உங்கள் பதிவு எண்ணும் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுப்பதால் போன வாரப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். சிவந்த புதுச் சதை வளர்கிறதா, மஞ்சளாக ஏதும் படிந்திருக்கிறதா, ஓரம் கறுக்கிறதா என்று அதில் தெரியும். உங்கள் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால், வலி இல்லை என்பதை மட்டும் நம்பிப் புண் ஆறுகிறது என்று சொல்ல முடியாது.

மருத்துவமனைக் கேமராவில்தான் எடுப்போம். டாக்டரோ செவிலியரோ தங்கள் சொந்த போனில் எடுக்க மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பவும் மாட்டார்கள். உங்களைக் கவனிப்பவர்களும், ஆலோசனை கேட்டால் அறுவைசிகிச்சை மருத்துவரும் மட்டுமே படங்களைப் பார்ப்பார்கள்.

இனி வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் நிறுத்திவிடுவோம். ஆனால் அதற்குள் பதிவில் சேர்ந்த படங்களை நீக்க முடியாது. அவற்றைப் பார்த்து முடிவு செய்த சிகிச்சையும் அதே பதிவில்தான் இருக்கிறது. தொடக்கத்திலேயே மறுத்தாலும் சிகிச்சையில் குறை வராது. புண்ணை அளந்து, வரைந்து, எழுதி வைப்போம்.

2. கற்பித்தலுக்கு

இது உங்கள் சிகிச்சைக்குத் தேவையானது அல்ல. பிறருக்காகக் கேட்கிறோம், அவ்வளவுதான். மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

ஏன் கேட்கிறோம் என்றால், பாடப் புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெளிர்ந்த தோல்தான் இருக்கும். அதில் வீக்கமும் அழற்சியும் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். கருமையான தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியலாம், அதனால் கவனிக்காமல் போய்விடவும் வாய்ப்புண்டு. உங்கள் காலைப் போன்ற கால்களின் படங்கள் மாணவர்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை.

பெயர், வயது, பதிவு எண் எதுவும் இருக்காது. படக் கோப்புக்குள் தானாகப் பதியும் தேதி, இடம் போன்ற விவரங்களையும் நீக்குவோம். முகம் எடுக்கப்போவதே இல்லை. ஆனால் உங்கள் வலது கணுக்காலில் ஒரு பெயர் பச்சை குத்தியிருக்கிறது. தெரிந்தவர்கள் அதைப் பார்த்தாலே போதும். அது படத்துக்குள் வராமல் எடுப்போம், வந்தால் படத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிடுவோம். இவ்வளவு செய்தும், உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் கண்டுபிடிக்கவே மாட்டார் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது.

இந்தச் சம்மதம் இந்த மருத்துவமனையில் மாணவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நடக்கும் வகுப்புகளுக்கு மட்டும். திரையில் காட்டும்போது யாரும் படம் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் காட்டுவோம். வெளி மாநாடு, இதழ், புத்தகம், இணையம் எதற்கும் இது செல்லாது. அதற்குத் தனியாக, அந்தப் படத்தையே உங்களிடம் காட்டிக் கேட்போம். அங்கெல்லாம் போன படத்தைத் திரும்பப் பெற முடியாது.

மனம் மாறினால் புண் பராமரிப்புப் பிரிவில் சொன்னால் போதும், கற்பித்தல் தொகுப்பிலிருந்து படத்தை நீக்கிவிடுவோம். அதற்குள் நடந்த வகுப்பில் பார்த்தவர்கள் பார்த்ததுதான். பணம் எதுவும் தரப்படாது.

கட்டுப் பிரித்து, கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இதற்குக் கையெழுத்துக் கேட்க மாட்டோம். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, அடுத்த முறை வரும்போது சொல்லலாம்.

நோயாளியின் சம்மதம்

பதிவுக்கு: "வலது பாதப் புண்ணையும் இடது காலின் தோல் திட்டுகளையும் சிகிச்சைப் பதிவுக்காகப் படம் எடுக்கச் சம்மதிக்கிறேன். பதிவில் சேர்ந்த படத்தைப் பிறகு நீக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்." கையொப்பம் இடப்பட்டது.

கற்பித்தலுக்கு: "பாதப் புண்ணின் படத்தை மட்டும் இந்த மருத்துவமனை வகுப்புகளில் காட்டலாம். தோல் திட்டுகளின் படம் வேண்டாம். பச்சை குத்திய இடம் தெரியக் கூடாது." அடுத்த வருகையின்போது, கட்டுப் பிரிக்கும் முன், தனியாகக் கையொப்பம் இடப்பட்டது.

செவிலியர் குறிப்பு: இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகப் படித்துக் காட்டினேன். நோயாளியின் மகள் உடன் இருந்தார், முடிவு நோயாளியுடையது. தோல் திட்டுப் படங்களில் "பதிவுக்கு மட்டும்" என்று குறித்திருக்கிறேன். ஒரு பிரதி நோயாளியிடம் கொடுக்கப்பட்டது.