கணக்காளர் வேலை: சம்பளம் குறித்த உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம்.

நேற்று வந்த உங்கள் மின்னஞ்சலைப் படித்தேன். நேர்காணலுக்கு முன்பே சம்பளம் கேட்பதற்கு மன்னிப்பெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்; அது தேவையே இல்லை. மன்னார்குடியிலிருந்து ஒரு நாள் லீவு போட்டு வந்து, பேசி முடித்தபிறகு சம்பளம் கட்டுப்படியாகாது என்று தெரிந்தால் இருவருக்கும்தான் நஷ்டம்.

எங்கள் அரிசி ஆலையில் இந்த வேலைக்கு ஒதுக்கியிருப்பது மாதம் 22,000 முதல் 27,000 ரூபாய் வரை. இது பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை. அடிப்படைச் சம்பளம் 15,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பி.எஃப். போகும். அதே அளவு நாங்களும் கட்டுவோம். எங்கள் பங்கு மேலே சொன்ன தொகையில் சேராது, தனி. ஆக 22,000 என்றால் கைக்கு 20,200 வரும். தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிப்போம். சம்பளம் 21,000-ஐத் தாண்டுவதால் ஈ.எஸ்.ஐ. வராது, அதற்குப் பதிலாகக் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருகிறோம். தீபாவளிக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் போனஸ்.

27,000 யாருக்கு என்று கேட்பீர்கள். டேலியில் பதிவு போடத் தெரிந்தால் 22,000-இல் தொடங்கலாம். ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தானே தாக்கல் செய்து, நெல் வரவையும் அரிசி, தவிடு, குருணை விற்பனையையும் ஒத்துப்பார்த்து, 25 கிலோ அரிசிப் பைக்கு வரி உண்டு, 26 கிலோ பைக்கு இல்லை என்பதை யாரும் சொல்லாமலே பில்லில் சரியாகப் போடுபவருக்கு மேல் எல்லை. அரிசி ஆலையில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பழைய சம்பளச் சீட்டும் வேண்டாம், அதை வைத்து நாங்கள் தொகை முடிவு செய்வதில்லை. 27,000-க்கு மேல் இந்த ஆண்டு முடியாது. நேரில் வந்து பேசினாலும் அதே பதில்தான், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். குறுவை அறுவடையின்போதும், தை, மாசியில் சம்பா வரும்போதும் லாரிகள் இரவு எட்டு மணிக்கும் நிற்கும். அந்த நாட்களில் கூடுதல் நேரத்துக்குப் பணம் கிடையாது. சித்திரையில் ஈடுசெய்யும் விடுப்பு உண்டு. இது பிடிக்காமல் போனவர்களும் இருக்கிறார்கள். மற்றபடி காலை ஒன்பதரைக்கு வந்தால் போதும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; கேட் போட்டிருந்தது என்பதற்காக யாருக்கும் அரை நாள் சம்பளம் வெட்டியதில்லை.

இந்தத் தொகை சரிப்படும் என்றால் வரும் சனிக்கிழமை காலை 11 மணிக்கு ஆலை அலுவலகத்துக்கு வாருங்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சரிப்படாது என்றால் வியாழனுக்குள் ஒரு வரி எழுதினால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன்.

நன்றி.
நிர்வாக மேலாளர்