ஈப்போ ஆட்டம்: பயிற்சி நேரமும் ஆட்ட நாள் ஒழுங்கும் (சுங்கை சிப்புட் கபடிக் குழுவின் 16 பேருக்கும் பெற்றோர்களுக்கும்)

அனைவருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை ஈப்போ புந்தோங்கில் ஆட்டம். இம்முறை மண் திடல் இல்லை. மண்டபத்துக்குள் மெத்தை விரிப்பில் ஆடப் போகிறோம். நம்மில் பலர் இதுவரை வெறுங்காலோடு மண்ணில் மட்டுமே ஆடியவர்கள். அதனால் பயிற்சி நேரம், காலணி, வந்து சேரும் நேரம் எல்லாமே மாறுகின்றன. முழுவதையும் படித்துவிட்டு, குழுவின் வாட்ஸ்அப்பில் உங்கள் பெயரைப் போட்டு "படித்தேன்" என்று எழுதுங்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ எழுத வேண்டும்.

பயிற்சி நேரம்

ஆகஸ்ட் 4 முதல் 13 வரை: செவ்வாய், வியாழன் மாலை 5.30 முதல் 7.15 வரை. சனிக்கிழமை 8ஆம் தேதி காலை 7.30 முதல் 9.30 வரை. இடம், கோயிலுக்குப் பின்னால் உள்ள தோட்டத் திடல். ஞாயிறு 9ஆம் தேதி கோயிலில் கூழ் ஊற்றுவதால் பயிற்சி இல்லை. அன்று பந்தல் வேலைக்குக் கை கொடுங்கள்.

ஆகஸ்ட் 15 முதல் 20 வரை: தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், மெத்தை விரிப்பில். சனி 15, ஞாயிறு 16 காலை 8 முதல் 10.30 வரை. செவ்வாய் 18, வியாழன் 20 மாலை 5.30 முதல் 7.30 வரை.

வெள்ளி 21, சனி 22 முழு ஓய்வு. பூப்பந்து, காற்பந்து எதுவும் வேண்டாம்.

5.30 என்றால் 5.30க்கு உடம்பைச் சூடாக்கத் தொடங்குகிறோம் என்று பொருள். 5.20க்குத் திடலில் இருங்கள். 5.45க்குப் பிறகு வருபவர் அன்று பிடி பயிற்சியில் இறங்க முடியாது. எல்லைக்கோட்டில் நின்று கடிகாரம் பார்ப்பார். இது தண்டனையாகச் சொல்வதில்லை. உடம்பு சூடாகாமல் கணுக்கால் பிடிக்குக் குனிபவருக்குத் தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டால் மூன்று வாரம் ஆட முடியாது. நமக்கு இருப்பதே மூன்று வாரம்தான்.

மாலை ஷிப்டில் இருப்பவர்களுக்கு 4, 11 ஆகிய இரண்டு செவ்வாயும் காலை 9 மணிக்குத் திடலில் தனிப் பயிற்சி உண்டு. விரிப்புப் பயிற்சிக்கு அப்படி வேறு நேரம் ஒதுக்க முடியவில்லை, பகலில் பள்ளி நடக்கும். இப்போதே வேலையிட மேலாளரிடம் சொல்லி ஷிப்டை மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு விரிப்புப் பயிற்சியில் மூன்றுக்காவது வந்தவர்தான் முதல் ஏழு பேரில் இடம் பெறுவார். எவ்வளவு நன்றாகப் பாடிப் போகிறவராக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

இடி கேட்டால் உடனே திடலை விட்டு இறங்கி, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடியும் ஏற வேண்டும். செம்பனை மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கோயில் மண்டபத்துக்குள் வந்துவிடுங்கள். புகைமூட்டம் வந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் திடல் பயிற்சி ரத்து. மாலை 4.30க்கு வாட்ஸ்அப்பைப் பாருங்கள்.

விரிப்பில் என்ன மாறும்

மண்ணில் பிடிபட்டால் கால் சறுக்கும். சறுக்குவதால்தான் முழங்கால் தப்பிக்கிறது. விரிப்பில் ரப்பர் அடிக் காலணி பசைபோல் ஒட்டும். பாதம் நிற்கும், உடம்பு திரும்பும், நடுவில் முழங்கால் முறுக்கும். மண்ணில் ஆடிப் பழகியவர்கள் முதல் முறை விரிப்பில் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே 15ஆம் தேதிப் பயிற்சியின் முதல் ஒரு மணி நேரம் பிடியே கிடையாது. கோடு தொட்டுத் திரும்புவது, குதிகாலில் சுழலாமல் சிறு எட்டுகளாக வைத்துத் திரும்புவது, இவை மட்டுமே.

வெறுங்காலோடு விரிப்பில் ஏறவும் வேண்டாம். தோல் உரியும், துண்டுகள் சேரும் இடைவெளியில் கால்விரல் மாட்டும்.

ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் தடுப்புக்கோடு, அதற்கு அப்பால் 1 மீட்டரில் போனஸ் கோடு. இரு பக்கமும் 1 மீட்டர் அகலத்தில் லாபி. நம் திடலில் இதுவரை லாபிக் கோடு போடாமலே ஆடிவந்தோம். ஆகவே எதிரியைத் தொடுவதற்கு முன்பே ஓரத்தில் ஓடி லாபியில் கால் வைக்கும் பழக்கம் பாதிப் பேருக்கு இருக்கிறது. தொடுதலோ பிடியோ நடந்த பிறகுதான் லாபி ஆடுகளத்தில் சேரும். அதற்கு முன் கால் வைத்தால் அவுட். 4ஆம் தேதியே சுண்ணாம்பில் எல்லாக் கோடும் போட்டிருக்கும். கோடு போடும் நால்வர் 4.45க்கு வாருங்கள். நான்கு முனையிலும் முளை அடித்த பிறகு மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து பாருங்கள்: இரண்டும் 16.40 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் களம் கோணலாக இருக்கிறது.

இன்னும் இரண்டு தவறுகள் நம்மிடம் உண்டு. ஒன்று, நடுக்கோட்டைத் தாண்டிய பிறகு "கபடி" சொல்லத் தொடங்குவது. நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார். எதிரணிக்கு ஒரு புள்ளியும் பாடிவரும் வாய்ப்பும் போகும். மண்டபத்தில் சத்தம் எதிரொலிக்கும், வாய்க்குள் முணுமுணுத்தால் கேட்காது. மற்றொன்று, 30 விநாடிக் கணக்கு உடம்பில் ஏறாதது. எல்லாப் பயிற்சியிலும் கைப்பேசியில் நேரம் வைத்து, 25ஆவது விநாடியில் ஒரு விசில் ஊதுவோம். மூன்றாவது பாட்டில் கட்டாயம் புள்ளி எடுக்க வேண்டிய நிலையில் இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

விரிப்பு 14ஆம் தேதி வெள்ளி மாலை 6 மணிக்கு லாரியில் வருகிறது. 1 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில் 130 துண்டு. எட்டுப் பேராவது வந்தால்தான் இரவுக்கு முன் விரித்து முடியும். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் விரியுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசி வரிசை பொருந்தாமல் மேடு தட்டும். மண் ஒட்டிய காலணியோடு யாரும் விரிப்பில் ஏறக்கூடாது. இரவல் பொருள், அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உடை, பொருள்

காலணி: தட்டையான ரப்பர் அடி, மண்டபத் தரையில் கறை விடாதது. பூப்பந்துக் காலணி போதும். ஆணிக் காலணியும், தடித்த அடியுள்ள ஓட்டக் காலணியும் ஆகாது; தடித்த அடி கணுக்காலை மடக்கும். புதிதாக வாங்குபவர்கள் 15ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். ஆட்ட நாளில்தான் முதன்முதலாகப் போடுவேன் என்று பெட்டியோடு வர வேண்டாம், கொப்புளம் போட்டுவிடும். வாங்க வசதி இல்லாத மாணவர்கள் பயிற்றுநரிடம் தனியாகச் சொல்லுங்கள். இரண்டு ஜோடி 8ஆம் எண்ணும் ஒரு ஜோடி 9ஆம் எண்ணும் குழுவிடம் இருக்கின்றன.

எண் போட்ட சட்டை வியாழன் 20ஆம் தேதி கையில் கிடைக்கும். அரைக்கால் சட்டை கறுப்பு, பை வைக்காதது. பையில் விரல் மாட்டி முறியும். முழங்கால் உறை இரண்டு, காலுறை இரண்டு ஜோடி, துண்டு இரண்டு, மாற்று உடை, பெயர் எழுதிய 1.5 லிட்டர் தண்ணீர்ப் புட்டி.

நகத்தைச் சனி இரவே வெட்டுங்கள், கால் நகத்தையும். மோதிரம், சங்கிலி, கடுக்கன், காப்பு எதுவும் கூடாது. கோயில் கயிறு கட்டியிருப்பவர்கள் வீட்டிலேயே பெரியவர்களிடம் கேட்டுக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். களத்தில் நடுவர் கத்திரிக்கோல் எடுத்த பிறகு வருத்தப்பட வேண்டாம். உடம்பில் எண்ணெயோ தைலமோ தடவிக்கொண்டு இறங்கக்கூடாது. வலித் தைலம் தேவைப்பட்டால் ஆட்டம் முடிந்து தடவலாம்.

எடை

இப்போட்டியின் எடை வரம்பு 80 கிலோ. இப்போது நம்மில் மூவர் 81க்கும் 83க்கும் நடுவில் இருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் இரவுச் சோற்றைக் குறைத்து, இனிப்புத் தண்ணியையும் தே தாரிக்கையும் விட்டால் இறங்கிவிடும். முதல் நாள் தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடி எடை குறைப்பதைத் தடை செய்கிறோம். மேசையில் எடை சரியாக நிற்கும், இரண்டாவது ஆட்டத்தில் தசை பிடித்து ஆள் விழுவார். ஆடி விரதம் இருப்பவர்கள் எந்தெந்த நாள் என்று சொல்லிவிடுங்கள், அன்றைய பயிற்சியைக் குறைத்துத் தருகிறோம்.

பன்னிரண்டு பேர் பட்டியல் ஞாயிறு 16ஆம் தேதி பயிற்சி முடிந்ததும் வாசிக்கப்படும். மீதி நால்வரும் நம்மோடு வருகிறீர்கள்: இருவர் புள்ளிக் கணக்கு, ஒருவர் நேரம், ஒருவர் தண்ணீரும் மருந்துப் பெட்டியும். வேன் கட்டணம் ஆளுக்கு 15 வெள்ளி, மாணவர்களுக்கு இல்லை.

ஆட்ட நாள்

காலை 6.15க்குக் கோயில் வாசலில் கூடுகிறோம். வேன் 6.30க்குப் புறப்படும். வரவில்லையென்றால் ஒருமுறை அழைப்போம், பிறகு காத்திருக்க மாட்டோம். செம்மோர் வழியாகச் சாதாரண சாலையில் போகிறோம். ஏழரைக்குள் மண்டபத்தில் இருப்போம். சொந்த மோட்டாரில் வருபவர்கள் 7.40க்குள் மண்டப வாசலில் மேலாளரிடம் முகம் காட்ட வேண்டும்.

எடையும் பதிவும் 8 முதல் 8.30 வரைதான். 8.30க்கு மேசையை மூடிவிடுவார்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், கைப்பேசியில் படம் காட்டினால் ஏற்க மாட்டார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தை 18ஆம் தேதியே ஒப்படையுங்கள்.

வீட்டிலேயே பசியாறிவிட்டு வாருங்கள்: இட்லி, அல்லது ரொட்டியும் முட்டையும். நாசி லெமாக் அன்று வேண்டாம், வயிற்றில் கனமாக நிற்கும். எடை பார்க்க வேண்டிய மூவருக்கு மட்டும் பசியாறல் மேசைக்குப் பிறகு. ரொட்டியும் வாழைப்பழமும் வேனில் இருக்கும்.

நம் ஆட்டங்கள்: 9.40க்குத் தைப்பிங், 11.20க்குத் தாப்பா, 2.00 மணிக்குக் கோலகங்சார். குழு ஆட்டங்களில் ஒரு பாதி 15 நிமிடம், இடைவேளை 5 நிமிடம். முதல் இரண்டு ஆட்டத்துக்கு நடுவே சோறு கிடையாது. வாழைப்பழம், தண்ணீர், சிறிது 100 பிளஸ். சோற்றுப் பொட்டலம் 12.15க்கு. அரையிறுதிக்குப் போனால் 3.45.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 25 நிமிடம் முன்பே உடம்பைச் சூடாக்குங்கள். விரிப்பில் வியர்வை விழுந்தால் கை தூக்கி நடுவரிடம் சொல்லித் துடைக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் சறுக்கித்தான் கால் அகலும். இரத்தம் வந்தால் மறைக்காமல் வெளியே வாருங்கள், உபரிச் சட்டை பெட்டியில் உண்டு. நடுவரிடம் பேசுவது தலைவர் ஒருவர் மட்டுமே. மஞ்சள் அட்டை வாங்கினால் 2 நிமிடம் வெளியே. அந்த இரண்டு நிமிடமும் ஆறு பேராக நிற்க வேண்டியவர்கள் உங்கள் கூட்டாளிகள்.

தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, பார்வை மங்கல் என்று எது இருந்தாலும் அவர் அன்று மீண்டும் இறங்க மாட்டார். தானே "ஒன்றுமில்லை" என்றாலும் இதுதான் முடிவு. பெற்றோருக்கு உடனே தொலைபேசியில் சொல்வோம்.

திரும்பும் வேன் மாலை 6 மணிக்குப் புறப்படும். இறுதி ஆட்டத்துக்குப் போனால் 7.30. வேறு வண்டியில் வீடு போகும் மாணவர்களைக் கூட்டிப் போகும் பெரியவர் மேலாளரிடம் நேரில் வந்து சொல்லி அழைத்துச் செல்ல வேண்டும். சட்டைகளை வேனிலேயே சாக்கில் போட்டுவிடுங்கள், துவைப்பதைக் குழு பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
பயிற்றுநரும் குழு மேலாளரும்