வாசலில் ஒரு கிளாம்ப்

எங்கள் விண்வெளி நிலையத்தில் மூன்றாவது கூடத்தின் ஃபேன் ஒரு செவ்வாய்க்கிழமை நின்றுபோனது. ஃபேன்தானே என்று விட முடியாது. எடையில்லாத இடத்தில் சூடான காற்று தானாக மேலே போகாது, மேல் என்று ஒன்று இருந்தால்தானே போக, அதனால் ஒருவர் ஒரே இடத்தில் தூங்கினால் அவர் விட்ட மூச்சே முகத்தைச் சுற்றித் தேங்கி நிற்கும், கொஞ்ச நேரத்தில் தலைவலியோடு விழிப்பு வரும். மாற்று ஃபேன் அடுத்த சரக்குக் கலத்தில்தான் வரும். அதுவரை இரண்டாவது கூடத்திலிருந்து ஒரு மடக்குக் குழாயும் ஒரு மின்கேபிளும் கூடங்களுக்கு நடுவே உள்ள ஹேட்ச் கதவின் வழியாக உள்ளே இழுத்துவிட வேண்டும்.

தரைக் கட்டுப்பாடு அனுப்பிய வழிமுறை சுலபமானது. இரண்டு துண்டுக் குழாயை மூன்றாவது கூடத்தின் நடுவில், கை வசதியாக எட்டும் இடத்தில் ஒட்ட வைத்து டேப் சுற்றிவிடு, கேபிளை அப்படியே இழுத்துச் சொருகு, நாற்பது நிமிட வேலை. யாழினி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஜாயின்ட் நடுவுல வேண்டாம். ஹேட்ச் விளிம்புலயே வரணும். குழாய்க்கு நெம்பு கிளாம்ப், கேபிளுக்கு அங்கயே ஒரு கனெக்டர்" என்றாள்.

தாவூத் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நிலையத் தளபதி, உதிரிப் பாகங்களின் கணக்கு முழுக்க அவர் தலையில் இருந்தது. "நெம்பு கிளாம்ப் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. தண்ணி சுத்திகரிக்கிற யூனிட்டுக்கு வச்சிருக்கேன். அது ஒழுக ஆரம்பிச்சா என்ன பண்ணுவே?"

"ஒழுகினா துணி வச்சுத் துடைக்கலாம் சார். ஹேட்ச் மூடலைன்னா துடைக்க ஆள் இருக்க மாட்டோம்."

"டேப்பையும் பிய்க்கலாமே."

யாழினி பதில் சொல்லவில்லை. ஒரு துண்டுக் குழாயில் மூன்று சுற்று டேப் சுற்றி என்னிடம் நீட்டி, "கண்ணை மூடிட்டுப் பிரிங்க" என்றாள். மூடிக்கொண்டு தடவினேன். டேப்பின் நுனி எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியவில்லை, நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு நுனி கிளம்பியதும் அது குறுக்கே கிழிந்து மெல்லிய நூலாக வந்தது, மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. அப்புறம் கிளாம்ப்பைக் கையில் கொடுத்தாள். நெம்பைத் தூக்கினேன், குழாய் கழன்றுகொண்டது. அவ்வளவுதான்.

தாவூத்துக்கு மீர் நிலையத்தின் கதை தெரியும், எங்கள் எல்லோருக்குமே பயிற்சியில் சொல்லித்தந்தது அது. 1997 ஜூன் 25-ல் ஒரு புரோகிரஸ் சரக்குக் கலம் மீரின் ஸ்பெக்ட்ர் பகுதியில் மோதிக் காற்று வெளியேற ஆரம்பித்தபோது, ஹேட்ச் வாசலில் கேபிள்கள் குறுக்கே கிடந்தன. சிலதைக் கழற்றி, சிலதை வெட்டி எறிந்த பிறகுதான் அந்தப் பகுதியை மூட முடிந்தது. தாவூத் கொஞ்ச நேரம் கிளாம்ப்பையே பார்த்தார். "சரி, போடு. தரைக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். நாற்பது நிமிட வேலை மூன்று மணி நேரம் இழுத்தது, அன்றைக்கு நடக்க வேண்டிய ஒரு பரிசோதனை தள்ளிப்போனது, லீனாவுக்கு அதில் வருத்தம்தான்.

மூன்று வாரம் கழித்து அடி விழுந்தது.

எது மோதியது என்று இப்போது வரை உறுதியாகத் தெரியாது, பழைய ராக்கெட்டின் உலோகத் துண்டாக இருக்கலாம். சுற்றுப்பாதையில் இரண்டு பொருள்கள் மோதும்போது அவற்றின் ஒப்பு வேகம் நொடிக்கு 15 கிலோமீட்டர் வரை போகும், அந்த வேகத்தில் சின்னத் துண்டே போதும். சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. முதலில் காது அடைத்தது, பிறகு அலாரம், பிறகு என் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த ஒரு பென்சில், இரண்டு காகிதம், யாரோ விட்டுவைத்த கையுறை எல்லாம் மெதுவாக, ஒரே திசையில், மூன்றாவது கூடத்தை நோக்கி நகர ஆரம்பித்தன. அதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. துளை ஐந்து சென்டிமீட்டர் அகலம் என்று பின்னால் கணக்குப் போட்டார்கள். மொத்த நிலையத்தின் காற்றும் அதன் வழியே போனால் ஏறக்குறைய பத்து நிமிடத்தில் எங்களுக்குத் தலை சுற்ற ஆரம்பித்திருக்கும்.

லீனா உள்ளே இருந்தாள். குழாயைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து வெளியே வந்தாள், காதில் ரத்தம். அவள் கால் விளிம்பைத் தாண்டுவதற்கும் யாழினி நெம்பைத் தூக்குவதற்கும் சரியாக இருந்தது. குழாய் கழன்று உள்பக்கம் பறந்தது. நான் கனெக்டரைத் திருகி இழுத்தேன். கதவைத் தள்ளினோம், பாதி தூரம்தான் நாங்கள் தள்ளினோம், மீதியைக் காற்றே இழுத்து அறைந்து மூடியது. பத்து நொடி கூட ஆகியிருக்காது. அழுத்தமானியின் முள் நின்றது.

யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள். அதற்கு அப்புறம்தான் தாவூத் மிக மெதுவாகக் கேட்டார்: "பி கேப்சூல் எந்தப் பக்கம் இருக்கு?"

நாங்கள் பூமிக்குத் திரும்ப வைத்திருந்த இரண்டு கலங்களில் ஒன்று அது, மூன்றாவது கூடத்தின் கடைசியில் இருந்தது. அதன் வாசலும் திறந்தபடிதான் இருந்தது, அதனால் உள்ளே இப்போது காற்றில்லை. எங்கள் மூன்று பேருடைய இருக்கைகளும், உடம்புக்கு அளவெடுத்து வார்த்த மெத்தைகளும், விண்வெளி உடைகளும் அதற்குள்ளே. இந்தப் பக்கம் ஆறு பேர், ஏ கேப்சூலில் மூன்று இடம்.

கதவு மூடாமல் போயிருந்தால் விதிப்படி எல்லோரும் அவரவர் கேப்சூலுக்கு ஓடியிருப்போம். நானும் யாழினியும் லீனாவும் காற்று குறைந்துகொண்டே வரும் கூடத்தைக் கடந்து பி-க்கு, மற்ற மூவர் ஏ-க்கு. நிலையம் போயிருக்கும், ஆறு பேரும் அன்றைக்கே தரையில் இருந்திருக்கலாம். மூன்று பேர் மட்டும் இருந்திருக்கவும் கூடும். இதைப் பற்றி எவ்வளவு யோசித்தாலும் என் முடிவு மாறவில்லை, யாழினி செய்ததுதான் சரி.

தரைக் கட்டுப்பாடு இரண்டு வழி சொன்னது. மூன்று பேர் இப்போதே ஏ-யில் இறங்கிவிடலாம், அல்லது ஆறு பேரும் தங்கலாம், காலி கேப்சூல் வர இரண்டு மாதமாவது ஆகும். இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் சோயுஸ் எம்எஸ்-22 கலத்தில் குளிரூட்டி கசிந்தபோது, அடுத்த பிப்ரவரியில் ஆளில்லாத மாற்றுக் கலம் மேலே வந்தது.

"மூணு பேர் போனா மிச்சம் மூணு பேருக்குப் படகே கிடையாது" என்றார் தாவூத். ஒவ்வொருவரையும் பார்த்தார், யாரும் மறுக்கவில்லை. மைக்கை எடுத்தார். "ஆறு பேரும் இருக்கோம். காலிக் கலம் அனுப்புங்க."

அதற்கு முன்பே இறங்க வேண்டி வந்தால், மூன்று பேர் இருக்கையிலும் மூன்று பேர் சரக்கு வைக்கும் இடத்தில் வாரால் கட்டிக்கொண்டும் போக வேண்டும். தரை பெயர்ப் பட்டியல் கேட்டது. தாவூத் கலத்தை ஓட்டுபவர், தன் இருக்கையை அவரால் யாருக்கும் விட்டுக்கொடுக்கக்கூட முடியாது, அது அவரை எவ்வளவு வாட்டியது என்று முகத்தில் தெரிந்தது. காதில் அடிபட்ட லீனாவுக்கு இரண்டாவது இடம். மூன்றாவதுக்கு யாழினி பெயரைச் சொன்னார்.

"வேண்டாம் சார். நான் சரக்குப் பக்கம். வாரை நானே தைக்கிறேன், அளவு எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் ஊசியும் நூலும் தேடப் போனாள். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.