பொருள்: ஆகஸ்ட் மாத ஆய்வு முன்னேற்றம் – திருவான்மியூர் முதல் முட்டுக்காடு வரை கிணற்று நீர்

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். ஜூனில் சாம்பிள் எடுத்த 34 கிணறுகளின் அயனி அளவுகள் வந்துவிட்டன. மூன்றில் அயனிச் சமநிலைப் பிழை 5 சதவீதத்தைத் தாண்டுகிறது. அவற்றை ஒதுக்கிவிட்டு மற்ற 31 கிணறுகளை வைத்தே கீழே எழுதியிருக்கிறேன். முழு அட்டவணையும் வரைபடமும் இணைப்பில் உள்ளன.

உப்பு நாம் நினைத்த பக்கம் இல்லை, மேடம். கொட்டிவாக்கம், நீலாங்கரைப் பகுதியில் கடலை ஒட்டி மணல்மேட்டில் இருக்கும் உறை கிணறுகளில் பெரும்பாலானவற்றில் குளோரைடு 250 மி.கி./லிட்டருக்குள்தான் இருக்கிறது. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயை நெருங்க நெருங்க அது ஏறுகிறது. கால்வாய் ஓரத்து 12 கிணறுகளில் 600 முதல் 1,100 வரை. அவற்றில் ஒன்பதில் நைட்ரேட்டும் 45-ஐத் தாண்டியிருக்கிறது. சோடியம்–குளோரைடு மோல் விகிதம் 1-க்கு மேல். கடல்நீரில் அது 0.86, மணலுக்குள் நுழைந்த கடல்நீரில் அயனிப் பரிமாற்றத்தால் இன்னும் குறையவே செய்யும். குளோரைடு–புரோமைடு எடை விகிதமும் கடல்நீரின் 290-ஐ விட்டு விலகி 400-க்கு மேல் போகிறது. மூன்று தடயங்களும் கழிவுநீரையே காட்டுகின்றன.

தெற்கே முட்டுக்காடு பக்கம் உள்ள நான்கு கிணறுகள் மட்டும் வேறு கதை. அங்கே குளோரைடு 2,000-ஐ ஒட்டியும், புரோமைடு விகிதம் 285–300-க்குள்ளும் இருக்கிறது. சந்தேகமில்லாமல் கடல்நீர். ஆனால் அது கடற்கரை மணல் வழியாக வந்ததா, முகத்துவாரத்தில் ஏறும் ஓத நீர் கால்வாய்க்குள் புகுந்து பக்கவாட்டில் கசிந்ததா என்பதை வேதியியல் சொல்லாது. நீர்மட்டம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

அங்கேதான் முதல் தடை. கையில் உள்ள ஜி.பி.எஸ். உயர அளவில் சில மீட்டர் தவறுகிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 10 செ.மீ. இருந்தால் கீழே உப்புநீர் எல்லை சுமார் 4 மீட்டர் ஆழத்துக்குப் போகும் என்கிற கைபென்–ஹெர்ஸ்பெர்க் கணக்கில் இந்த உயரங்களைப் போட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. சிவில் துறையின் டி.ஜி.பி.எஸ். கருவியைக் கேட்டிருக்கிறேன், தருவதற்கு உங்கள் கடிதம் வேண்டும் என்கிறார்கள்.

இரண்டாவது தடை புரோமைடு. குளோரைடு அளவுத்திருத்த எல்லைக்குள் வருவதற்காக சாம்பிளை 10 மடங்கு நீர்த்துத்தான் அயன் குரோமட்டோகிராபில் செலுத்துகிறோம். அப்போது கால்வாய் ஓரக் கிணறுகளில் ஐந்தின் புரோமைடு, கருவி நம்பகமாக அளக்கும் எல்லைக்குப் பக்கத்தில் விழுந்துவிடுகிறது. கழிவுநீர் என்று நான் சொல்வது பெரிதும் அந்த விகிதத்தைச் சார்ந்திருப்பதால், அந்த ஐந்தையும் ஐ.சி.பி.–எம்.எஸ். முறையில் மறுபடி அளக்காமல் டாக்டரல் கமிட்டி முன் வைக்க எனக்கு விருப்பமில்லை. செலவுக்கு உங்கள் ஒப்புதல் தேவை.

களத்தில் வேறு சிக்கல்களும் உண்டு. இரண்டு அடுக்குமாடிகளில் பழைய கிணற்றை மூடிவிட்டார்கள். பனையூரில் ஒரு கிணற்றுக்குப் பக்கத்திலேயே டேங்கர் லாரிகளுக்குத் தண்ணீர் இறைக்கிறார்கள். அங்கே நீர்மட்டம் விடியற்காலையில் மட்டுமே அளக்க முடியும். வாட்ச்மேன் அண்ணன் சம்மதித்திருக்கிறார்.

செப்டம்பரில் முதல் வாரத்திலேயே அந்த ஐந்து சாம்பிள்களையும் அனுப்பிவிடுவேன். கருவி கிடைத்ததும் கிணற்று வாய்களின் உயரத்தைத் தெற்கிலிருந்து தொடங்கி அளப்பேன். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குவதால், மழைக்கு முந்தைய சாம்பிள் எடுப்பைச் செப்டம்பர் கடைசிக்குள் முடித்தாக வேண்டும். கால்வாய் நீரையும் ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் எடுக்க நினைக்கிறேன். அது இல்லாமல் கலப்பு விகிதம் கணக்கிட முடியாது. எழுத்து வேலையில் முறைகள் அத்தியாயத்தை மட்டும் முடிப்பேன். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு இன்னும் ‘கடல்நீர் ஊடுருவல்’ என்றே இருக்கிறது. ‘உவர்ப்பின் மூலங்கள்’ என்று மாற்றலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு அனுமதியும் வேண்டும், மேடம். சாம்பிள் எடுக்கும்போது எல்லா வீட்டிலும் “இந்தத் தண்ணியக் குடிக்கலாமாம்மா?” என்று கேட்டார்கள். நைட்ரேட் கூடுதலாக உள்ள ஒன்பது வீடுகளில் ஒன்றில் கைக்குழந்தை இருக்கிறது. அந்த நீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுப்பது ஆபத்து. காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. கட்டுரை வெளிவரும் வரை காத்திருக்காமல், அந்தந்த வீட்டு அளவை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாகக் கொடுத்துவிட விரும்புகிறேன். வரைவு இணைப்பில் இருக்கிறது. மற்றவற்றுக்கு நேரம் எடுத்துக்கொண்டாலும் இதற்கு மட்டும் இந்த வாரமே பதில் தந்தால் நன்றாக இருக்கும்.

வியாழன் மதியம் உங்களுக்கு வகுப்பு இல்லையென்றால் வரைபடத்தோடு வந்து பார்க்கிறேன்.

நன்றியுடன்,
கயல்விழி