வளாகச் செயலி: தேவைகளைத் திரட்டிய விதமும் தடமறி அட்டவணையும்

தயாரித்தது: நான்காம் குழு, மூன்றாம் வருடம். இரண்டாம் திருத்தம்.

1. கேட்டறிந்த விதம்

முதல் வினாக்கொத்து வீணாகிப் போனது. பத்து வசதிகளைப் போட்டு எவை வேண்டும் என்று கேட்டோம். ஏறக்குறைய எல்லோரும் பத்துக்கும் டிக் போட்டுவிட்டார்கள். சும்மா கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்? அதை ஒதுக்கிவிட்டு எட்டுப் பேரை நேரில் கண்டோம்: மாணவர் ஐவர் (நே-1 முதல் நே-5), விரிவுரையாளர் (நே-6), பரீட்சைப் பிரிவு எழுதுநர் (நே-7), விடுதிக் காப்பாளர் (நே-8).

நே-3, திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி பஸ்ஸில் வரும் இரண்டாம் வருட மாணவி:

"கடைசியா எப்ப சும்மா வந்து திரும்பினீங்க தங்கச்சி?"

"போன செவ்வாய் அண்ணா. எட்டு மணி லெக்சர் இல்லை எண்டு ஏழுக்கே குரூப்பில போட்டிருக்கினம். குட் மோர்னிங் படங்களுக்குள்ள கிடந்தது. பஸ்ஸால இறங்கித்தான் கண்டேன்."

செய்தி நேரத்துக்கு வந்திருக்கிறது, கண்ணில்தான் படவில்லை. "அறிவித்தல் வசதி" என்று நாங்கள் எழுதி வைத்திருந்தது இந்த இடத்தில்தான் முதல் தேவையாக, தே-1 ஆக மாறியது. விரிவுரையாளரோ பெட்ச் ரெப்புக்கு ஒரு கோல் எடுப்பதோடு சரி, இன்னொரு செயலியைத் திறக்கமாட்டேன் என்றார்.

பிறகு தமிழிலும் சிங்களத்திலும் இரண்டாம் வினாக்கொத்து (வி). இம்முறை விருப்பத்தை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் கேட்டோம். 72 பேர் நிரப்பினார்கள். கடந்த மாதம் நடக்காத விரிவுரைக்கு ஒரு தடவையாவது வந்தவர்கள் 41 பேர் (வி-2).

2. தடமறி அட்டவணை

| தேவை | மூலம் | வடிவமைப்பு | சோதனை |
|---|---|---|---|
| தே-1 விரிவுரை ரத்து, மற்ற அறிவித்தல்களோடு கலக்காமல் தனி ஒலியோடு வரும் | நே-3, வி-2 | அறிவித்தல் பகுதி | சோ-1: படிக்காத 20 அறிவித்தல்கள் கிடக்கையிலும் ரத்து முதலில் தெரியும் |
| தே-2 ரத்தை பெட்ச் ரெப் பதியலாம் | நே-6 | பயனர் உரிமை | சோ-2: மற்ற மாணவர் பதிய முயன்றால் மறுக்கும் |
| தே-3 டேட்டா இல்லாமலும் நேரசூசி திறக்கும் | நே-1, நே-4, வி-5 | போனில் சேமிப்பு | சோ-3: ஏரோப்ளேன் மோடில் திறத்தல் |
| தே-4 தமிழ், சிங்களம், ஆங்கிலம் | வி-7 | மொழிக் கோப்புகள் | சோ-4: மொழி மாற்றியதும் எல்லாத் திரையும் மாறும் |
| தே-5 வேகமாக இயங்கும் | நே-2 | இல்லை | இல்லை |
| தே-6 அரட்டை அறை | இல்லை | அரட்டைப் பகுதி | சோ-5: செய்தி அனுப்புதல் |

3. அட்டவணை காட்டிக்கொடுத்தவை

தே-6 ஐ யாரும் கேட்கவில்லை; எங்கள் ஆசை. பாதிக் கோட் எழுதியாயிற்று, மனம் வரவில்லைதான், ஆனாலும் நீக்குகிறோம். சோ-5 உம் அதோடு போகிறது.

தே-5 இல் "வேகமாக" என்பதை எப்படிச் சோதிப்பது? நே-2 இடம் திரும்பப் போய்க் கேட்டோம். அவர் சொன்னது நேரசூசியைப் பற்றி மட்டும். எனவே "நேரசூசி 3 விநாடிக்குள் திறக்கவேண்டும்" என்று திருத்தி, சோ-6 எழுதப்படுகிறது.

மாணவர் அல்லாதவர்களில் நே-7, நே-8 இரண்டும் எந்த வரிசையிலும் இல்லை. பெறுபேறுகளைச் செயலியில் காட்ட எழுதுநர் உடன்படவில்லை, அது முடிந்தது. காப்பாளர் கேட்ட விடுதி லீவுப் பதிவை மட்டும் நாங்கள் மறந்தே போனோம். அடுத்த திருத்தத்தில் தே-7.